வட்டம் முட்டையான திரை

கணினி மானிட்டர் பார்ப்பதற்கு வெற்றுத் தாள் போல இருந்தாலும், உண்மையில் அது கட்டம் போட்ட தாள். இன்றைய எல்.சி.டி. மானிட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் பிக்சல் எனப்படும் நுண்ணிய கட்டங்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு பட்டைகள் உண்டு. கடைகளில் ‘ஃபுல் எச்.டி.’ என்று விற்கப்படும் மானிட்டரில் குறுக்கே 1920 பிக்சல்களும் மேலிருந்து கீழாக 1080 பிக்சல்களும் இருக்கும். பெருக்கினால் 20,73,600. இந்த எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. அதன்பிறகு அதைக் கூட்டவோ குறைக்கவோ எந்தப் பொத்தானாலும் முடியாது.

கணினி அனுப்பும் படமும் இதே போலக் கட்டங்களால் ஆனதுதான். அந்தப் படத்தில் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்ற கணக்கைத்தான் தெளிவுத்திறன் என்கிறார்கள். அலுவலகப் பேச்சில் அது ரெசல்யூஷன். கணினி அனுப்பும் எண்ணிக்கையும் கண்ணாடியில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால், படத்தின் ஒரு கட்டம் கண்ணாடியின் ஒரு கட்டத்தில் சரியாக உட்காரும். எழுத்துகள் கூர்மையாகத் தெரியும். எண்ணிக்கை மாறினால் மானிட்டர் படத்தை இழுத்துப் பொருத்திக்கொள்கிறது. பெரும்பாலும் திரை கறுத்துப்போவதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை. எழுத்துகள் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அதனாலேயே இந்தப் பிழை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடக்கூடும். அது எப்படி நேர்கிறது, எப்படிப் பிடிபடுகிறது என்பதற்கு ஒரு மருத்துவமனை வரவேற்பு மேசையின் கதை நல்ல எடுத்துக்காட்டு. கதை கற்பனை, அதில் வரும் பிழையும் சோதனைகளும் கணினி பராமரிப்பில் இருப்பவர்கள் அன்றாடம் பார்ப்பவை.

வரவேற்பு மேசை

நூறு படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனை. நுழைந்ததும் இடப்புறம் வரவேற்பு மேசை. அதன்மேல் 21.5 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டர். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, பதிவு எண், கைபேசி எண் ஆகியவற்றை அங்கே பதிந்து, ஓ.பி. சீட்டு அச்சடித்துக் கொடுப்பார்கள்.

நுழைவுப் பகுதிக்கு வண்ணம் பூசுவதற்காக மேசையைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டார்கள். அடுத்த நாள் முதல் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று பகல் முறை வரவேற்பாளர் சொல்லத் தொடங்கினார். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். இன்னொருவர் மானிட்டரின் வெளிச்சத்தைக் கூட்டினார். ஐம்பது வயதைத் தாண்டிய இரவு முறை வரவேற்பாளர், தம் மூக்குக்கண்ணாடிக்குப் பவர் மாறிவிட்டது என்றே முடிவு கட்டினார். இதற்கிடையில் ஒரு கைபேசி எண்ணில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 ஏறி, மருத்துவ அறிக்கை தயாரான செய்தி வேறு யாருக்கோ போனது.

மங்கலான திரையில் முதலில் குழம்புபவை 3, 6, 8, 9 போன்ற வளைவான இலக்கங்கள்தான். அவற்றுக்கு இடையேயான வேறுபாடு ஓரிரு பிக்சல் அகல இடைவெளி மட்டுமே. தமிழில் புள்ளி முதலில் தொலைகிறது. ‘க’வுக்கும் ‘க்’குக்கும், ‘ரி’க்கும் ‘ரீ’க்கும் நடுவே நிற்பது மிகச் சிறிய ஒரு குறி. அது பக்கத்துக் கோட்டோடு கரைந்துவிட்டால் படிப்பவர் எழுத்தைப் பார்க்காமல் ஊகித்துப் படிக்க ஆரம்பிக்கிறார். மருத்துவமனைகளில் நோயாளியை அடையாளம் காணப் பெயர் மட்டும் போதாது, பிறந்த தேதி அல்லது பதிவு எண் போல இரண்டாவது அடையாளமும் ஒத்துப்போக வேண்டும் என்பது பரவலான விதி. அந்த இரண்டாவது அடையாளம் பெரும்பாலும் இலக்கங்களால் ஆனது. மங்கல் தாக்குவது அந்த இடத்தைத்தான்.

எட்டுப் பேர், பதினைந்து நாற்காலி

அந்த வரவேற்புக் கணினி அனுப்பிக்கொண்டிருந்தது 1024×768 அளவுள்ள படம். மானிட்டரில் இருந்ததோ 1920×1080 கட்டங்கள். 1024 பத்திகளை 1920 பத்திகளில் பரப்ப வேண்டுமானால் ஒவ்வொன்றையும் 1.875 மடங்கு அகலமாக்க வேண்டும். எளிமையாகச் சொன்னால் படத்தின் 8 பத்திகளுக்குக் கண்ணாடியில் 15 பத்திகள்.

எட்டுப் பேரைப் பதினைந்து நாற்காலிகளில் இடைவெளியில்லாமல் சமமாக உட்கார வைப்பதாக எண்ணிக்கொண்டால் சிக்கல் விளங்கிவிடும். ஆளுக்கு இரண்டு நாற்காலி கொடுக்க முடியாது. ஒன்று மட்டும் கொடுத்தால் ஏழு மிஞ்சும். எனவே முதல் ஆள் ஒரு முழு நாற்காலியையும் அடுத்ததில் எட்டில் ஏழு பங்கையும் எடுத்துக்கொள்கிறார். இரண்டாமவருக்கு அந்த நாற்காலியில் மிஞ்சியது எட்டில் ஒரு பங்கு. பிறகு ஒரு முழு நாற்காலி, அதற்கடுத்ததில் முக்கால். இப்படியே போய் எட்டாவது ஆளிடம் கணக்கு மீண்டும் சரியாகிறது.

திரையில் நாற்காலிக்குப் பதில் பிக்சல். வெள்ளைப் பின்னணியில் ஒரு பிக்சல் அகலமுள்ள கறுப்புச் செங்குத்துக் கோடு இரண்டாவது பத்தியில் இருந்தால், அது கண்ணாடியில் மூன்று பத்திகளைத் தொடுகிறது: ஒன்றில் மிக வெளிறிய சாம்பல், நடுவில் முழுக் கறுப்பு, மூன்றாவதில் அடர்ந்த சாம்பல். அதே கோடு முதல் பத்தியில் இருந்திருந்தால் இரண்டு பத்திகளோடு முடிந்திருக்கும். மானிட்டர்கள் நிறத்தைப் பங்கிடும் சூத்திரம் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆனால் எல்லாப் பத்திகளும் ஒரே அகலத்தில் வர வேண்டுமானால், ஒரு கட்டத்தின் நிறத்தைப் பக்கத்துக் கட்டங்களோடு கலந்தே ஆக வேண்டும். அந்தக் கலப்புதான் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது.

இதிலிருந்து ஓர் அடையாளமும் கிடைக்கிறது. ஒரே எழுத்து ஒரு வரியில் ஓரிடத்தில் சற்றுக் கூர்மையாகவும் நாலு எழுத்து தள்ளிச் சற்றுக் குழைந்தும் தெரிந்தால், கட்டங்கள் பொருந்தவில்லை என்று பொருள். அழுக்குப் படிந்த கண்ணாடியோ, கண்ணின் பார்வைக் குறைவோ எல்லா எழுத்தையும் ஒரே மாதிரிதான் மங்கச் செய்யும்.

இன்னோர் அடையாளம் வடிவத்தில் இருக்கிறது. குறுக்கே 1.875 மடங்கு இழுபடும் படம் நெடுக்கே 768-லிருந்து 1080-க்கு, அதாவது ஏறத்தாழ 1.41 மடங்குதான் இழுபடுகிறது. ஆகவே எல்லாமே உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலமாகிவிடும். திரையில் 3 செ.மீ. உயரமுள்ள வட்டம் 4 செ.மீ. அகலத்துக்குப் படுத்துக்கொள்ளும். 1280×720 போல அகல உயர விகிதம் ஒத்த அளவுக்குப் படம் மாறியிருந்தால் வட்டம் வட்டமாகவே இருக்கும்; மங்கல் மட்டும் வரும். அப்போது கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

பழைய பெட்டி வடிவ மானிட்டர்களில் இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இருந்ததில்லை. அவற்றில் எலக்ட்ரான் கற்றை கண்ணாடியின் உட்பூச்சின் மேல் வரி வரியாக ஓடிப் படத்தை வரைந்தது. வரிகளை நெருக்கியும் தளர்த்தியும் வரைய அந்தக் கற்றையால் முடிந்ததால், 800×600 ஆனாலும் 1024×768 ஆனாலும் படம் ஏறத்தாழ ஒரே தரத்தில் வந்தது. ‘எழுத்து பெரிதாக வேண்டுமா, ரெசல்யூஷனைக் குறை’ என்ற பழக்கம் அந்தக் காலத்தில் பிறந்தது. எல்.சி.டி. மானிட்டரில் அதே பழக்கம் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே கெடுக்கிறது.

தொலைவிலிருந்து தெரியாத பிழை

மருத்துவமனையின் பகல் நேரக் கணினிப் பிரிவு புகாரைப் புறக்கணிக்கவில்லை. மேல்மாடியில் இருந்தபடியே தொலைநிலை மென்பொருள் வழியாக வரவேற்புக் கணினியைத் திறந்து பார்த்தார்கள். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. ‘எங்கள் பக்கம் சரியாகத் தெரிகிறது’ என்று குறிப்பு எழுதிப் புகாரை முடித்துவைத்தார்கள். மறுபடி புகார் வந்தபோது ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னார்கள். அதிலும் எல்லாம் தெளிவாக இருந்தது. மானிட்டர் பழுது என்று கருதிப் புதியது வாங்கக் கோரிக்கை தயாரானது.

இரண்டு சோதனைகளும் தவறான முடிவைத் தந்ததற்குக் காரணம் ஒன்றே. படம் இழுபடுவது கணினிக்குள் அல்ல, மானிட்டருக்குள். தொலைநிலை மென்பொருளும் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக் காட்டுவது கேபிளில் ஏறுவதற்கு முன்னால் உள்ள படம். அந்த 1024×768 படத்தில் ஒரு குறையும் இல்லை. குறை பிறக்கும் இடம் கேபிளுக்கு அப்பால் இருக்கிறது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும்.

ஆனாலும் தொலைநிலைத் திரையில் ஒரு தடயம் இருந்தது. வந்த படம் அகலத் திரை வடிவில் இல்லாமல், இரு புறமும் கறுப்புப் பட்டையோடு பழைய டிவி போலச் சற்றுச் சதுரமாக இருந்தது. எழுத்தின் கூர்மையைப் பார்த்தவர்கள் சட்டத்தின் வடிவத்தைப் பார்க்கவில்லை.

இரவு ஒன்றரை மணி

இரவுப்பணித் தொழில்நுட்பர் வரவேற்பு மேசைக்கு வந்தது மானிட்டருக்காக அல்ல. ஓ.பி. சீட்டு அச்சடிக்கும் பிரிண்டரில் தாள் சிக்கியிருந்தது. தாளை எடுத்துவிட்டுச் சோதனைக்கு ஒரு சீட்டு அச்சடித்தார். சீட்டில் மருத்துவமனையின் வட்டச் சின்னம் வட்டமாக இருந்தது. திரையில் அதே சின்னம் முட்டையாகப் படுத்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதால் வேறுபாடு உறைத்தது.

அடுத்து அவர் செய்தது எந்த வீட்டிலும் செய்யக்கூடிய, கருவி தேவையில்லாத சோதனை. மானிட்டரின் கீழ் விளிம்பில் உள்ள மெனு பொத்தானை அழுத்தினார். வெளிச்சம், நிறம் ஆகியவற்றை மாற்றும் சிறு பட்டியல் திரையில் வந்தது. அந்தப் பட்டியலை வரைவது கணினி அல்ல, மானிட்டரே. இழுத்துப் பொருத்தும் வேலை முடிந்த பிறகு, தன் சொந்தக் கட்டங்களில் நேராக வரைகிறது. எனவே கணினியிலிருந்து வரும் படம் எவ்வளவு மங்கினாலும் மெனுவின் எழுத்துகள் கூர்மையாகவே இருக்கும். அன்றும் அப்படியே இருந்தன. பக்கத்தில் அமர்ந்திருந்த வரவேற்பாளரால் அவற்றைத் தடையின்றிப் படிக்க முடிந்தது. ஆக, அவர் கண்ணிலும் குறையில்லை, கண்ணாடிப் பலகத்திலும் பழுதில்லை. வரும் படம்தான் பொருந்தவில்லை.

மெனுவின் தகவல் பக்கத்தில் `1024x768 60Hz` என்று இருந்தது. மானிட்டருக்கு என்ன வந்துகொண்டிருக்கிறது என்பதை அது அப்படியே சொல்லிவிட்டது. சில கணினிகளில், குறிப்பாக மடிக்கணினிகளில், படத்தை இழுக்கும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பே செய்துவிட்டு 1920×1080 என்று அனுப்புவதும் உண்டு. அப்போது மானிட்டரின் தகவல் பக்கத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். அதனால் அவர் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தக் கோப்பின் அளவையும் பார்த்தார். அதிலும் 1024×768. பகலில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலும் இதே அளவுதான் பதிவாகியிருந்தது. படத்தைத் திறந்து பார்த்தார்களே தவிர, அதன் அளவை யாரும் பார்க்கவில்லை.

கேபிளுக்குள் நடக்கும் உரையாடல்

சாதாரணமாக இத்தோடு வேலை முடிந்திருக்க வேண்டும். விண்டோஸின் `Settings` பகுதியில் `System`, அதற்குள் `Display`, அங்கே `Display resolution` என்ற பட்டியலைத் திறந்தால், மானிட்டரின் இயல்பான அளவுக்கு எதிரே `Recommended` என்று எழுதியிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் அந்தக் கணினியின் பட்டியலில் 1920×1080 என்ற வரியே இல்லை. மேல்வரம்பே 1024×768 ஆக இருந்தது.

யாரோ கைதவறி மாற்றிய அமைப்பு அல்ல இது என்று அப்போது தெரிந்தது. மானிட்டரால் எவ்வளவு முடியும் என்பதே கணினிக்குத் தெரிந்திருக்கவில்லை.

மானிட்டரும் கணினியும் கேபிள் வழியாக முதலில் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் இ.டி.ஐ.டி. எனப்படும் சிறிய அடையாளக் குறிப்பு பதிந்திருக்கும். வெசா என்ற தரநிலை அமைப்பு 1994-இல் இதை வகுத்தது. அடிப்படைக் குறிப்பு 128 பைட்டுகள் மட்டுமே. தயாரித்த நிறுவனத்தின் குறியெழுத்துகள், தயாரிப்பு ஆண்டு, திரையின் நீள அகலம், தனக்குப் பொருத்தமான தெளிவுத்திறன் எல்லாம் அதற்குள் அடங்கும். கடைசி பைட் சரிபார்ப்புக்கானது. 128 பைட்டுகளையும் கூட்டினால் வரும் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். படிக்கும்போது ஒரு பைட் பிசகினாலும் கணக்கு ஒத்துவராமல் குறிப்பின் மேல் சந்தேகம் எழும்.

குறிப்பு கிடைக்காவிட்டால் கணினி எச்சரிக்கையாக நடந்துகொள்கிறது. மானிட்டரால் தாங்க முடியாத அளவை அனுப்பிவிட்டால் திரை கறுத்துப்போகும். ஆகவே எந்த மானிட்டரும் காட்டக்கூடிய ஓர் எளிய அளவோடு நின்றுகொள்கிறது. அந்த எளிய அளவு பெரும்பாலும் 1024×768.

தொழில்நுட்பர் `Device Manager` பகுதியைத் திறந்தார். கிராபிக்ஸ் சிப்பின் பெயர் சரியாக இருந்தது. அங்கே `Microsoft Basic Display Adapter` என்று இருந்திருந்தால், டிரைவர் மென்பொருள் பழுதாகிவிட்டது என்றும் அதை மீண்டும் நிறுவ வேண்டும் என்றும் பொருளாகியிருக்கும். ஆனால் மானிட்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `Generic Non-PnP Monitor` என்று இருந்தது. யாரோ ஒரு மானிட்டர், ஊர் பேர் தெரியாது என்பதுதான் அதன் பொருள். டிரைவர் நலம், பேச்சுதான் அறுந்திருக்கிறது. தேட வேண்டிய இடம் கேபிள்.

மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தபோது விடை கிடைத்தது. மானிட்டர் பழைய வி.ஜி.ஏ. கேபிளில் இணைந்திருந்தது. மேசையைத் தள்ளிப் போட்டபோது கேபிள் எட்டாமல் போகவே, இடையில் ஒரு நீட்டிப்புக் கேபிளைச் செருகியிருந்தார்கள். வி.ஜி.ஏ. இணைப்பில் மூன்று வரிசையாக 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைக் கொண்டுபோவது முதல் மூன்று. மானிட்டரின் அடையாளக் குறிப்பு வருவது 12-ஆம், 15-ஆம் ஊசிகளின் வழியாக. அந்த நீட்டிப்புக் கேபிளின் முனையில் 12-ஆம் ஊசி மடங்கி உள்ளே போயிருந்தது. நிறங்கள் ஒழுங்காகப் போனதால் படம் வந்தது. குறிப்புக் கம்பி அறுந்ததால் பேச்சு மட்டும் நின்றுவிட்டது. படம் வருகிறதே என்பதால் கேபிளை யாரும் சந்தேகிக்கவில்லை.

வி.ஜி.ஏ. முனையில் ஊசி எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல நல்ல கேபிள்களிலும் 9-ஆம் ஊசி இருக்காது. அது இல்லாததால் பெரும்பாலும் படம் கெடுவதில்லை. சில மலிவான கேபிள்களில் 12-உம் 15-உம் தொடக்கத்திலேயே இல்லாமல் வருவதுண்டு. ஒரு கணினியின் படத்தை இரண்டு திரைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகளும், ஒரு மானிட்டரை இரண்டு கணினிகள் பகிர உதவும் பெட்டிகளும் இதே குறிப்பை விழுங்கிவிடக்கூடும்.

தெளிவாக இருக்கிறது, ஆனால் பொடி

தொழில்நுட்பர் நீட்டிப்புக் கேபிளை எடுத்துவிட்டு, கிடங்கிலிருந்து எடுத்து வந்த நீளமான ஒற்றைக் கேபிளை நேராக மாட்டினார். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினார். `Device Manager` பகுதியில் மானிட்டரின் உண்மையான பெயர் வந்தது. பட்டியலில் 1920×1080 வரியும் அதன் பக்கத்தில் `Recommended` என்ற சொல்லும் வந்தன. அதைத் தேர்ந்தெடுத்ததும், இந்த மாற்றம் நிலைக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. 15 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் அது பழைய அளவுக்கே திரும்பிவிடும். புதிய அளவில் திரை கறுத்துப்போனால் பதில் சொல்லவே முடியாது என்பதால் வைத்திருக்கும் காப்பு அது. சின்னம் வட்டமானது.

வரவேற்பாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நெருங்கிப் பார்த்தார்.

“தெளிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா எழுத்தெல்லாம் பொடிப் பொடியா இருக்கே.”

பல அலுவலகங்களில் சரிசெய்த ரெசல்யூஷன் மறுநாளே பழையபடி குறைக்கப்படுவதற்குக் காரணம் இந்த இடம்தான். 1024×768-இல் இழுபட்டுப் பெரிதாகத் தெரிந்த எழுத்து, இயல்பான அளவுக்கு வந்ததும் அகலத்தில் ஏறத்தாழ பாதியாகிவிடும். 21.5 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் ஒரு பிக்சல் சுமார் கால் மில்லிமீட்டர். வெள்ளெழுத்துப் பார்வை உள்ளவருக்கு அந்த எழுத்து சிரமம் தரும். அவர் சொன்னது நியாயமான குறை. தீர்வு தெளிவுத்திறனைக் குறைப்பதில் இல்லை, `Scale` என்ற வேறோர் அமைப்பில் இருக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளிது. தெளிவுத்திறனைக் குறைப்பது சிறிய படத்தை இழுப்பது. `Scale` அளவைக் கூட்டும்போது கண்ணாடியின் எல்லாக் கட்டங்களையும் பயன்படுத்தி, எழுத்தையே பெரிய அளவில் புதிதாக வரையச் சொல்கிறோம். ஒரு சிறிய புகைப்படத்தைப் பெரிதாக்கி அச்சிடுவதற்கும், பெரிய எழுத்தில் புதிதாக எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

எவ்வளவு கூட்டலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 150 சதவீதம் வைத்தால் எழுத்து நன்றாகப் பெரிதாகும்; ஆனால் திரையில் கொள்ளும் இடம் 1280×720-க்குச் சமமாகச் சுருங்கிவிடும். மருத்துவமனையின் பதிவு மென்பொருள் 768 உயரத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தது. 720-இல் அதன் அடிப்பகுதிப் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும். 125 சதவீதத்தில் இடம் 1536×864-க்குச் சமம். படிவம் முழுதாகக் கொள்கிறது, எழுத்தும் போதுமான அளவு பெரிதாகிறது. தொழில்நுட்பர் 125-ஐ வைத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையச் சொன்னார்.

இப்போது வேறொரு மங்கல் தலைகாட்டியது. விண்டோஸின் பட்டியல்களும் பிரவுசரும் கூர்மையாக இருந்தன. பதிவு மென்பொருளின் சாளரம் மட்டும் லேசாகக் குழைந்திருந்தது. `Scale` அமைப்பைப் புரிந்துகொள்ளத் தெரியாத பழைய மென்பொருள்கள் தம் படத்தை எப்போதும் 100 சதவீத அளவிலேயே வரைந்து கொடுக்கும். அதை 125-க்கு விண்டோஸ் இழுத்துக் காட்டும். மானிட்டர் செய்துவந்த அதே வேலையை இப்போது விண்டோஸ் ஒரே ஒரு சாளரத்துக்குச் செய்கிறது. இந்த மங்கல் கணினிக்குள்ளேயே பிறப்பதால் ஸ்கிரீன்ஷாட்டிலும் தெரியும். முந்தைய மங்கலையும் இதையும் பிரித்தறிய இதுவே நல்ல வழி: ஸ்கிரீன்ஷாட்டை வேறொரு நல்ல திரையில் பார்க்கும்போதும் மங்கலாக இருந்தால் பிழை மென்பொருளில், தெளிவாக இருந்தால் பிழை அதற்குப் பின்னால்.

மருந்தும் உண்டு. மென்பொருளின் குறும்படத்தில் வலச்சொடுக்கி, `Properties` பகுதியில் `Compatibility` தாவலுக்குள் `Change high DPI settings` என்பதைத் திறந்தால், அளவு மாற்றும் பொறுப்பை யாரிடம் விடுவது என்று தேர்ந்தெடுக்கலாம். `System (Enhanced)` என்பதை வைத்ததும் எழுத்துகள் தேறின. எல்லாப் பழைய மென்பொருளுக்கும் இது பலிப்பதில்லை. சிலவற்றில் படிவத்தின் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அப்போது அந்த ஒரு சாளரத்தின் லேசான மங்கலைப் பொறுத்துக்கொள்வதோ, மென்பொருளுக்குள்ளேயே எழுத்தளவைக் கூட்ட வழி இருக்கிறதா என்று பார்ப்பதோதான் மிஞ்சும்.

ரெசல்யூஷன் காரணமாக இல்லாதபோது

எல்லா மங்கலுக்கும் தெளிவுத்திறன் காரணமல்ல. வி.ஜி.ஏ. கேபிளில் படம் இலக்கங்களாக அல்லாமல் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் போகிறது. ஒரு பிக்சல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை மானிட்டர் தானே நிதானித்து அளவெடுக்க வேண்டும். அந்த நிதானம் பிசகினால் 1920×1080 சரியாக இருந்தும் எழுத்தின் ஓரங்கள் நடுங்கும், அல்லது செங்குத்தான மங்கல் பட்டைகள் தெரியும். மானிட்டர் மெனுவில் உள்ள `Auto Adjust` அதற்கான மருந்து. எச்.டி.எம்.ஐ. போன்ற எண்முறை கேபிள்களில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அவற்றிலும் அடையாளக் குறிப்பு வர வேண்டிய கம்பி தனியாக உண்டு. அது அறுந்தால் அதே கதைதான்.

இரண்டு திரைகளில் ஒரே படத்தைக் காட்டும் இடங்களில் இன்னொரு காரணம் அமையும். காத்திருப்போருக்கு டோக்கன் எண் காட்டும் சுவர்த்திரையும் மேசை மானிட்டரும் `Duplicate` முறையில் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவையே கணினி தேர்ந்தெடுக்கும். சுவர்த்திரை பழையதாக இருந்தால் புதிய மானிட்டரும் அதன் அளவுக்கு இறங்கி வர வேண்டியதுதான். அங்கே `Extend` முறைக்கு மாற்றினால் ஒவ்வொரு திரையும் தன் அளவில் இயங்கும்.

மருத்துவமனையில் இதே பிழை இன்னும் பெரிய விளைவைத் தரக்கூடிய அறை எக்ஸ்-ரே படங்களைப் படிக்கும் அறை. அங்குள்ள மானிட்டர்கள் மெகாபிக்சல் கணக்கில் வாங்கப்படுகின்றன. 2048×1536 அளவுள்ளது 3 மெகாபிக்சல். மார்பகப் படங்களைப் படிக்கப் பயன்படும் 5 மெகாபிக்சல் மானிட்டர் 2048×2560. அத்தகைய திரை தன் இயல்பான அளவில் இயங்காவிட்டால், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய நுண்விவரம் கண்ணுக்கு வருவதற்கு முன்பே கரைந்துவிடும். அதனால் அங்கே குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதனைப் படத்தைத் திரையிட்டு மானிட்டர்களைச் சரிபார்ப்பது வழக்கம். வரவேற்பு மேசை மானிட்டருக்கு அப்படி ஒரு சோதனை யாரும் வைப்பதில்லை.

விடியற்காலையில் தொழில்நுட்பர் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதியது சில வரிகள்தான். பழுதான நீட்டிப்புக் கேபிள் அகற்றப்பட்டது. மானிட்டர் 1920×1080, 125 சதவீதம். புதிய மானிட்டர் தேவையில்லை. கடைசியாக, மங்கல் என்று புகார் வந்தால் மேசைக்கு நேரில் போய் மெனு பொத்தானை அழுத்திப் பார்க்கவும் என்று சேர்த்தார். மடங்கிய ஊசியுள்ள கேபிளை இன்னொருவர் எடுத்து வேறெங்காவது மாட்டிவிடக் கூடாது என்பதால், அதன் முனையை வெட்டிவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார்.